எண்ணெய் ஊத்தினா கட்டை மேல வருமா, கீழ போகுமா?

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். கேட்டுட்டு, பதிலை மனசுல வெச்சுக்கிட்டு, அப்புறம் மேற்கொண்டு கேளுங்க.

ஒரு கண்ணாடி டப்பாவுல தண்ணி இருக்கு. அதுல ஒரு பிளாஸ்டிக் கட்டை மிதக்குது. கிட்டத்தட்ட முழுசா மூழ்கி, மேல் முகம் மட்டும் லேசா வெளிய தெரியுது. இப்ப நான் மேல இருந்து மெதுவா சமையல் எண்ணெய் ஊத்துறேன். எண்ணெய் தண்ணியோட கலக்காது, தனி அடுக்கா மேல நிக்கும். ஊத்த ஊத்த கட்டையையும் மூடிடுது. இப்ப தண்ணியும் எண்ணெயும் சந்திக்கிற எல்லையை வெச்சுப் பார்த்தா, கட்டை முன்னாடி இருந்ததை விட மேல வந்திருக்குமா, கீழ போயிருக்குமா, அப்படியே இருக்குமா?

எங்க ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல இதைக் கேட்டப்ப பெரும்பாலானவங்க சொன்னது "கீழ போகும்". காரணமும் சரியாத்தான் தோணுது: மேல எண்ணெய் உட்கார்ந்திருக்கு, அதோட எடை கட்டையை அழுத்துது, அழுத்தினா இறங்கணும். ஆனா நடக்கிறது நேர் எதிர். கட்டை மேல வரும், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்ல. நான் எடுத்துக்கப்போற உதாரணத்துல, தண்ணிக்குள்ள 95 சதவீதம் இருந்த கட்டை 37.5 சதவீதத்துக்கு வந்துடும்.

ஏன்னு முதல்ல பார்ப்போம். அதுக்கப்புறம் பெட்ரோல் பங்க்குக்குப் போவோம். அங்க தரைக்கு அடியில இருக்கிற டேங்குக்குள்ள இதே கணக்கை நம்பித்தான் ஒரு மிதவை உட்கார்ந்திருக்கு. இ20 பெட்ரோல் வந்த பிறகு அந்த மிதவையோட நிலைமை கொஞ்சம் சிக்கல்.

அழுத்தம் எங்க இருந்து வருது

கட்டையைப் பத்தி கொஞ்சம் விவரம். அடிப்பக்கம் 5 செ.மீ-க்கு 5 செ.மீ, உயரம் 4 செ.மீ. அப்ப பருமன் 100 கன செ.மீ. பிளாஸ்டிக் எதுன்னா ஹெச்.டி.பி.இ. ஷாம்பு பாட்டில், டிடர்ஜென்ட் கேன் அடியில முக்கோணத்துக்குள்ள 2-ன்னு போட்டிருக்குமே, அது. வெள்ளை கலர் காய் வெட்டுற பலகை நிறைய இதுலதான் செய்யறாங்க. இதோட அடர்த்தி சுமார் 0.95, அதாவது ஒரு கன செ.மீ-க்கு 0.95 கிராம். ஆக நம்ம கட்டையோட எடை 95 கிராம். தண்ணியோட அடர்த்தி 1. சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாமே 0.92 பக்கத்துல இருக்கும். இந்த எபிசோடு முழுக்க அடர்த்தியை இதே அளவுலதான் சொல்லப்போறேன், அதனால ஒவ்வொரு தடவையும் அலகு சொல்ல மாட்டேன்.

முதல்ல தண்ணி மட்டும். கட்டை மிதக்கணும்னா அது ஒதுக்குற தண்ணியோட எடை 95 கிராம் ஆகணும். அதாவது 95 கன செ.மீ தண்ணி. உயரத்துல சொன்னா 4 செ.மீ-ல 3.8 செ.மீ உள்ளே, 2 மில்லிமீட்டர் வெளியே. இதையே வேற மாதிரியும் பார்க்கலாம். கட்டையோட அடிமுகம் 3.8 செ.மீ ஆழத்துல இருக்கு. அந்த ஆழத்துல ஒவ்வொரு சதுர செ.மீ மேலயும் தண்ணி 3.8 கிராம் எடைக்குச் சமமா மேல்நோக்கித் தள்ளுது. அடிமுகம் 25 சதுர செ.மீ. 3.8-ஐ 25-ஆல பெருக்கினா 95. ரெண்டு வழியும் ஒண்ணுதான், ஆர்க்கிமிடிஸ் சொன்னதோட உள்விவரம் இந்த ரெண்டாவது வழி. எண்ணெய் விஷயம் புரியணும்னா நமக்கு வேண்டியது அதுதான்.

இப்ப ஒரு விரலால கட்டையை அசையாம பிடிச்சுக்கிட்டு, தண்ணிக்கு மேல 1 செ.மீ உயரத்துக்கு எண்ணெய் ஊத்துறதா நினைச்சுக்கங்க. கட்டை 2 மில்லிமீட்டர்தான் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தது. அதனால அதோட தலைக்கு மேல 8 மில்லிமீட்டர் எண்ணெய் நிக்குது. அது மேல் முகத்தை எவ்வளவு அழுத்தும்? 0.8 தடவை 0.92 தடவை 25, அதாவது 18.4 கிராம். "கீழ போகும்"னு சொன்னவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது இந்த 18.4 கிராம்தான். இது உண்மையான அழுத்தம்தான், கற்பனை இல்ல.

ஆனா எண்ணெய் கட்டை மேல மட்டுமா உட்கார்ந்திருக்கு? கட்டையைச் சுத்தி இருக்கிற தண்ணி மேலயும்தானே உட்கார்ந்திருக்கு. அங்க அது தண்ணியை அழுத்துது. திரவத்துல ஒரு இடத்துல அழுத்தினா அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் போகும், கட்டைக்கு அடியிலயும் போகும். அடிமுகத்துல இப்ப 3.8 செ.மீ தண்ணியோட அழுத்தம் மட்டும் இல்ல, அதோட 1 செ.மீ எண்ணெயோட அழுத்தமும் சேர்ந்திருக்கு. அந்தக் கூடுதல் மட்டும் 0.92 தடவை 25, அதாவது 23 கிராம், மேல்நோக்கி.

கீழ அழுத்துறது 18.4. மேல தள்ளுறது 23. மிச்சம் 4.6 கிராம் மேல்நோக்கி. விரலை எடுத்தா கட்டை எழும்பும்.

இதுல கவனிக்க வேண்டியது, எண்ணெய் கட்டையை நேரடியா தூக்கவே இல்லங்கிறது. அது கட்டையோட பக்கவாட்டையும் தலையையும்தான் தொடுது. பக்கவாட்டு அழுத்தம் ஒண்ணையொண்ணு சரிக்கட்டிடும், தலை மேல இருக்கிறது கீழ்நோக்கித்தான். தூக்குற வேலையை அடியில இருக்கிற தண்ணி செய்யுது, அதுக்கான தெம்பை எண்ணெய் தண்ணி வழியா அனுப்புது. அந்த 4.6 கிராம் எங்க இருந்து வந்ததுன்னும் பார்க்கலாம்: முன்னாடி காத்துல நீட்டிக்கிட்டு இருந்த 2 மில்லிமீட்டர் கட்டை இப்ப எண்ணெய்க்குள்ள இருக்கு. 0.2 தடவை 25 தடவை 0.92. சரியா 4.6.

எவ்வளவு தூரம் எழும்பும்

இப்ப தாராளமா எண்ணெய் ஊத்திட்டோம், கட்டை முழுசா மூடிடுச்சு. எங்க போய் நிக்கும்?

புத்தகத்துல ரெண்டு சமன்பாடு எழுதி, ஒண்ணை இன்னொண்ணுல போட்டுத் தீர்ப்பாங்க. எனக்குப் பிடிச்ச வழி வேற. கட்டை முழுக்க முழுக்க எண்ணெய்க்குள்ள இருக்குன்னு ஆரம்பிங்க. அப்ப கிடைக்கிற தாங்கல் 0.92. வேண்டியது 0.95. பத்தாக்குறை 0.03. இப்ப கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள இறக்குங்க. இறங்குற ஒவ்வொரு பங்குக்கும் என்ன லாபம்? எண்ணெயை ஒதுக்கின இடத்துல இப்ப தண்ணியை ஒதுக்குது, அதனால லாபம் 1-க்கும் 0.92-க்கும் உள்ள வித்தியாசம், 0.08. முழுக் கட்டையும் இறங்கினா 0.08 கிடைக்கும். நமக்கு வேண்டியது 0.03 மட்டும். அப்ப எத்தனை பங்கு இறங்கணும்? 0.03-ஐ 0.08-ஆல வகுக்கணும். 0.375.

அவ்வளவுதான் சூத்திரம். கட்டையோட அடர்த்தியில இருந்து மேல் திரவத்தோட அடர்த்தியைக் கழிச்சு, கீழ் திரவத்துக்கும் மேல் திரவத்துக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்தா, கீழ் திரவத்துல இருக்கிற பங்கு வந்துடும். மிச்சப் பங்கு மேல் திரவத்துல.

```python
def lower_fraction(upper, block, lower):
    return (block - upper) / (lower - upper)

print(round(lower_fraction(0.92, 0.95, 1.00), 3))   # 0.375
```

கிராபிக்ஸ், அனிமேஷன் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழைய ஆள்தான்: `inverse lerp`. 0.92-ல இருந்து 1 வரைக்கும் ஒரு ஸ்லைடர் இருக்கு, அதுல 0.95 எத்தனாவது பங்குல நிக்குதுன்னு கேட்கிறோம். கட்டையோட அடர்த்தி அந்த ஸ்லைடர்ல எங்க நிக்குதோ, அவ்வளவு பங்கு தண்ணிக்குள்ள.

சரிபார்த்துடுவோம். 37.5 கன செ.மீ தண்ணிக்கு 37.5 கிராம். 62.5 கன செ.மீ எண்ணெய்க்கு 57.5 கிராம். கூட்டினா 95. கட்டையோட உயரத்துல 1.5 செ.மீ தண்ணியில, 2.5 செ.மீ எண்ணெயில. முன்னாடி 3.8 செ.மீ தண்ணிக்குள்ள இருந்தது, இப்ப 1.5. எல்லையை வெச்சுப் பார்த்தா 2.3 செ.மீ எழும்பியிருக்கு.

இங்க ஒரு சின்ன விஷயம். எண்ணெய் சரியா 2.5 செ.மீ உயரத்துக்கு வரும்போது கட்டையோட தலை எண்ணெய் மட்டத்துக்குச் சமமா நிக்கும். அதுக்கு முன்னாடி, ஊத்த ஊத்த, கட்டை எழும்பிக்கிட்டே இருக்கும். எண்ணெய் 1 செ.மீ இருந்தா தண்ணிக்குள்ள 2.88 செ.மீ, 2 செ.மீ இருந்தா 1.96 செ.மீ. ஆனா 2.5 செ.மீ தாண்டின பிறகு நீங்க ஒரு மீட்டர் எண்ணெய் ஊத்தினாலும் கட்டை அசையாது. கூடுதல் எண்ணெய் தலையை எவ்வளவு அழுத்துதோ அவ்வளவே அடியில இருந்தும் தள்ளும். சூத்திரத்துல எண்ணெயோட ஆழம் இல்லாததுக்குக் காரணம் இதுதான். ஆனா கட்டை முழுசா மூடியிருந்தா மட்டும்தான் சூத்திரம் செல்லும்.

இன்னொண்ணு: இது பருமனோட பங்கு. நேரான கட்டைக்கு உயரத்தோட பங்கும் அதேதான். பந்தோ கூம்போ ஆச்சுன்னா 37.5 சதவீதப் பருமன்தான் தண்ணியில இருக்கும், உயரம் வேற கணக்கு.

ஜே.இ.இ-க்குப் படிச்சவங்களுக்கு இந்தக் கணக்கு பாதரசத்தோட ஞாபகம் இருக்கும். பாதரசத்துல இரும்புத் துண்டு, மேல தண்ணி. எனக்கு அந்த உதாரணம் பிடிக்காது. பாதரசம் 13.6, எஃகு 7.85. பாதரசத்துல மட்டும் 57.7 சதவீதம் மூழ்கும், மேல தண்ணி ஊத்தினா 54.4. மூணு சதவீதத்துக்கு மேல கொஞ்சம்தான் மாற்றம். சூத்திரம் சரி, ஆனா சுவாரசியம் போயிடுது. மேல் திரவத்தோட அடர்த்தி கட்டையோட அடர்த்திக்குப் பக்கத்துல வந்தாத்தான் கட்டை இப்படி எகிறும்.

இன்னும் ஒரு படி போனா, வெறும் தண்ணியில மிதக்கிறதுகூட ரெண்டு திரவக் கணக்குதான். மேல இருக்கிறது காத்து, அதோட அடர்த்தி 0.0012. அதைச் சூத்திரத்துல போட்டா 95-க்குப் பதிலா 94.99 சதவீதம் வரும். ஸ்கூல்ல அதை யாரும் சொல்லாததுல தப்பில்ல.

வீட்டுல செஞ்சு பார்க்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. விடை சரியா 37.5 வரும்னு எதிர்பார்க்காதீங்க. வகுக்கிற எண் 0.08, ரொம்பச் சின்னது. பிளாஸ்டிக்கோட அடர்த்தி 0.95-க்குப் பதிலா 0.96-ன்னு இருந்தா விடை 50 சதவீதம் ஆயிடும். ஒரு சதவீதப் பிழை பன்னிரண்டு சதவீதமா வெடிக்குது. நிறம் சேர்த்த பிளாஸ்டிக்குன்னா அடர்த்தி மாறும். அதனால கட்டையை முதல்ல தண்ணியில மட்டும் மிதக்க விட்டு, எவ்வளவு மூழ்குதுன்னு அளந்தா அதோட அடர்த்தி கிடைச்சிடும். அதை வெச்சுக் கணக்குப் போடுங்க. துண்டு சில செ.மீ-யாவது இருக்கட்டும். நகம் அளவு சில்லுன்னா பரப்பு இழுவிசையே அதைப் பிடிச்சு வெச்சுக்கும். ஒட்டியிருக்கிற காத்துக் குமிழியையும் தட்டி விட்டுடுங்க.

பங்க்குக்கு அடியில

பெட்ரோல் பங்க்ல பெட்ரோல் இருக்கிறது தரைக்கு அடியில புதைச்ச டேங்க்ல. அதுக்குள்ள தண்ணி வர வழி நிறைய உண்டு: மழைத்தண்ணி மூடி வழியா இறங்கலாம், காத்துல இருக்கிற ஈரம் உள்ளே குளிர்ந்து சொட்டலாம். பெட்ரோல் 0.74, தண்ணி 1, அதனால தண்ணி அடியில போய்த் தங்கும். பெட்ரோலை உறிஞ்சுற பம்ப்போட வாய் டேங்க் தரையை விட்டுக் கொஞ்சம் மேல இருக்கும். தண்ணி அந்த உயரத்தைத் தொட்டா நம்ம வண்டிக்குள்ள வந்துடும், வண்டி ரோட்டுல நின்னுடும்.

பழைய வழி டிப் ராடு. நீளமான அளவுகோலோட முனையில வாட்டர் பேஸ்ட்டைத் தடவி டேங்குக்குள்ள விடுவாங்க. தண்ணி பட்ட உயரம் வரைக்கும் பேஸ்ட் நிறம் மாறும். ஆட்டோமேட்டிக் கேஜ் இருக்கிற பங்க்ல அதோட சேர்த்து ஒரு செங்குத்தான கம்பியும் நிக்கும். அதுல வளையம் மாதிரி ரெண்டு மிதவை, ஒவ்வொண்ணுக்குள்ளயும் காந்தம். மேல் மிதவை பெட்ரோல் மட்டத்தைச் சொல்லும். கீழ் மிதவை தண்ணி மட்டத்தைச் சொல்லும். கம்பிக்குள்ள இருக்கிற ஒரு ஒயர்ல மின்துடிப்பு அனுப்புவாங்க. காந்தம் இருக்கிற இடத்துல ஒயர் லேசா முறுக்கிக்கும், அந்த முறுக்கு அலை திரும்பி வர எடுக்கிற நேரத்தை வெச்சு மிதவை எந்த உயரத்துல இருக்குன்னு கண்டுபிடிக்கிறாங்க.

நமக்கு வேண்டியது கீழ் மிதவை. அது நம்ம கட்டையேதான். மேல பெட்ரோல், கீழ தண்ணி, நடுவுல அது. பெட்ரோல்ல மூழ்கணும், தண்ணியில மிதக்கணும். அப்ப அதோட அடர்த்தி ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ இருக்கணும். எங்க வைக்கிறது? இதுதான் டிசைன் கேள்வி.

கணக்குக்காக 0.90-ன்னு வைப்போம். உருளை வடிவம், உயரம் 5 செ.மீ. தண்ணியில இருக்கிற பங்கு: 0.90-ல 0.74 போனா 0.16, அதை 0.26-ஆல வகுத்தா 61.5 சதவீதம். உயரத்துல சுமார் 3.1 செ.மீ. இதே மிதவையை டீசல் டேங்க்ல போடுங்க. டீசல் 0.83. இப்ப 0.07-ஐ 0.17-ஆல வகுக்கணும், 41 சதவீதம், சுமார் 2.1 செ.மீ. ஒரே மிதவை, ஒரே தண்ணி மட்டம், ஆனா காந்தம் நிக்கிற உயரத்துல ஒரு செ.மீ வித்தியாசம். அதனால எந்த எரிபொருளுக்கு எந்த மிதவைன்னு கேஜ் செட்டிங்ல சரியா சொல்லணும். இல்லன்னா ரீடிங் எப்பவும் ஒரே அளவு தள்ளி வரும். பேஸ்ட் ரீடிங்கோட ஒப்பிட்டா அந்த மாறாத வித்தியாசமே காட்டிக் கொடுத்துடும்.

3.1 செ.மீ-ல இன்னொரு செய்தியும் இருக்கு. தண்ணி 3.1 செ.மீ ஆழத்துக்கு வர்ற வரைக்கும் இந்த மிதவை தரையிலயே உட்கார்ந்திருக்கும். அதுக்குக் கீழ இருக்கிற தண்ணி அதுக்குத் தெரியாது. சீக்கிரம் கண்டுபிடிக்கணும்னா பங்கைக் குறைக்கணும், அதாவது மிதவையோட அடர்த்தியைப் பெட்ரோலுக்குப் பக்கத்துல கொண்டுபோகணும். ஆனா ரொம்பப் பக்கத்துல போனா வேற ஆபத்து. நம்ம நாட்டுத் தரக்கட்டுப்பாட்டுல பெட்ரோல் 15 டிகிரியில 0.72-ல இருந்து 0.775 வரைக்கும் இருக்கலாம். மிதவையை 0.76-ல செஞ்சு வெச்சா, 0.77 பெட்ரோல் லோடு வந்து இறங்குற அன்னைக்கு அது எல்லையை விட்டுட்டு மேல போயிடும். அப்ப கேஜ் டேங்க் முழுக்கத் தண்ணின்னு கத்தும். சூத்திரத்துல இது மைனஸ் எண்ணா வரும். 0-க்குக் கீழ வந்தா மேல் திரவமே தூக்கிடும், 1-க்கு மேல வந்தா கீழ் திரவத்துலயும் மூழ்கிடும். ரெண்டுக்கும் நடுவுல இருந்தாத்தான் மிதவைக்கு எல்லையில வேலை.

இதுவரைக்கும் சமாளிக்கலாம். இப்ப எத்தனாலைச் சேருங்க.

இ20-ன்னா 20 சதவீதம் எத்தனால். 2023-ல இந்தியாவுல விற்பனைக்கு வந்தது. எத்தனால் தண்ணியை விரும்பி இழுக்கும். டேங்குக்குள்ள கொஞ்சம் தண்ணி வந்தா அது அடியில தங்காம பெட்ரோலுக்குள்ளேயே கரைஞ்சிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதுக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினா, எத்தனால் பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட சேர்ந்து கீழ இறங்கிடும். இப்ப அடியில இருக்கிறது தண்ணி இல்ல, தண்ணியும் எத்தனாலும் கலந்த ஒரு அடுக்கு. உள்ளே வந்த தண்ணியை விட இந்த அடுக்கு ரொம்பப் பெரிசு. 10,000 லிட்டர் இ20-ல 2,000 லிட்டர் எத்தனால் இருக்கு, அதுல பெரும்பகுதி இறங்கிடலாம். பம்ப் வாயை எட்ட ரொம்ப நேரம் ஆகாது.

இந்த அடுக்கோட அடர்த்தி என்ன? சுத்த எத்தனால் 0.789. எடையில 70 பங்கு எத்தனால், 30 பங்கு தண்ணின்னா கலவை சுமார் 0.868. நிஜ டேங்க்ல கொஞ்சம் பெட்ரோலும் இதுல கரைஞ்சிருக்கும், அதனால இன்னும் லேசாகலாம். 0.868-ஐயே எடுத்துப்போம். மேல மிஞ்சியிருக்கிற பெட்ரோல் எத்தனாலை இழந்துட்டதால 0.74 பக்கம். நம்ம பழைய 0.90 மிதவையைப் போட்டுப் பாருங்க.

```python
print(round(lower_fraction(0.74, 0.90, 0.868), 2))  # 1.25
print(round(lower_fraction(0.74, 0.80, 0.868), 2))  # 0.47
print(round(lower_fraction(0.74, 0.80, 1.00), 2))   # 0.23
```

முதல் வரி 1.25. 1-க்கு மேல. அதாவது மிதவை கீழ் அடுக்கை விடவும் கனம். டேங்க் அடியில நூத்துக்கணக்கான லிட்டர் எத்தனால்-தண்ணி நிக்குது, மிதவை அதுக்கடியில தரையில படுத்திருக்கு, ஸ்கிரீன்ல தண்ணி: 0. சென்சார் ரிப்பேர் இல்ல, ஒயர் அறுந்து போகல. பௌதிகம் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கு. அலாரம் அடிக்காததுதான் பிரச்சினை.

அதனால இந்தப் பிரிஞ்ச அடுக்கைக் கண்டுபிடிக்கத் தனி மிதவை செய்யறாங்க, அடர்த்தி குறைவா. ரெண்டாவது, மூணாவது வரி 0.80-ல செஞ்ச ஒரு மிதவைக்கு. எத்தனால் அடுக்குல 47 சதவீதம், வெறும் தண்ணியில 23 சதவீதம். ரெண்டுலயும் எழும்பும். ஆனா 0.775-க்கும் 0.80-க்கும் நடுவுல இருக்கிற இடைவெளி 0.025 மட்டும்தான். பெட்ரோல் பத்து டிகிரி குளிர்ந்தாலே அதோட அடர்த்தி சுமார் 0.009 ஏறும். நம்ம ஊர் டேங்க்ல 15 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம், அதனால வெப்பநிலை நமக்குச் சாதகம்தான். ஆனாலும் முன்னாடி இருந்த தாராளம் இப்ப இல்ல. மிதவையோட எடையில சில கிராம் கூடினாலே கணக்கு மாறிடும்.

டேங்கர் லோடு இறக்கின உடனே வர்ற ரீடிங்கையும் நம்ப வேண்டாம். எல்லாம் கலங்கியிருக்கும், அடுக்குகளுக்கு நடுவுல தெளிவான எல்லையே இருக்காது. கீழ இருந்து மேல அடர்த்தி படிப்படியா குறைஞ்சா, மிதவை தன் சராசரிக்குப் பொருந்துற ஏதோ ஒரு உயரத்துல நிக்கும். அந்த உயரம் எதையும் குறிக்காது. தெளியுற வரைக்கும் பொறுக்கணும்.

சில கிராம்னு சொன்னேன் இல்லையா, அதை மட்டும் பார்த்துட்டு முடிச்சிடலாம். 0.80 மிதவை, பருமன் 100 கன செ.மீ, எடை 80 கிராம்னு வைங்க. எங்கேயோ ஒரு மயிரிழை விரிசல், உள்ளே 10 கன செ.மீ பெட்ரோல் புகுந்துடுச்சு. எடை 7.4 கிராம் கூடும். இப்ப அடர்த்தி 0.874. எத்தனால் அடுக்கு 0.868. மூழ்கிடும். டெக்னீஷியன் அதைக் கழட்டி ஒரு வாளித் தண்ணியில போட்டுப் பார்த்தா? நல்லா மிதக்கும், தண்ணியை விட லேசுதானே. "மிதவை ஓகே"ன்னு திரும்ப மாட்டிட்டுப் போயிடுவாரு. அந்த விரிசலைப் பிடிக்கிறது வாளி இல்ல, ஒரு சமையலறைத் தராசு. துடைச்சு, காயவெச்சு, எடை போட்டு, மிதவையோட வந்த பேப்பர்ல இருக்கிற கிராமோட ஒப்பிட்டுப் பார்க்கணும்.